அறிமுகமில்லாத முதலீட்டாளருக்கு முதற் கடிதம்: மின்னஞ்சலா, பிட்ச் டெக்கா, வாட்ஸ்அப்பா?

லண்டனில் இருக்கும் ஒருவர் இலங்கையின் வடக்கில் சிறு தொழில்களுக்குக் காசு போடுகிறார் என்று கேள்விப்படுகிறீர்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரி கிடைத்துவிட்டது, அல்லது ஆரோ வாட்ஸ்அப் இலக்கத்தைத் தந்துவிட்டார். அவருக்கு உங்களைத் தெரியாது. இந்த இடத்தில்தான் பலர் இரண்டு மூன்று கிழமை நின்றுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுவதா, தொழிலைப் படங்களோடு சில பக்கத்தில் சொல்லும் பிட்ச் டெக் செய்து இணைப்பதா, நேரே வாட்ஸ்அப்பில் போடுவதா?

கணக்கோடு பார்த்தால்தான் இது விளங்கும். ஆகவே கற்பனையாக ஒரு கம்பனியை வைத்துக்கொள்வோம். சாவகச்சேரியில் முருங்கை இலையை உலர்த்தித் தூளாக்கி வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். மாதம் 300 கிலோ போகிறது, கிலோ 2,600 ரூபா. ஓடரோ மாதம் 520 கிலோவுக்கு வருகிறது. உலர்த்தி ஒன்றுதான் இருப்பதால் மிச்சத்தை ஏற்க முடியவில்லை. இன்னோர் உலர்த்தி போடவும் பொதியிடும் அறையைத் திருத்தவும் இலை வாங்கவும் 60 இலட்சம் ரூபா தேவை. கீழே வருவதெல்லாம் இந்தக் கம்பனி எழுதப்போகும் முதற் கடிதத்தைப் பற்றியது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கைபேசியில் எப்படித் தெரியும் என்பது. அறிமுகமில்லாதவரின் கடிதத்தை ஒருவரும் மேசையில் உட்கார்ந்து திறப்பதில்லை. ரயிலிலோ கடை வரிசையிலோ நின்று பார்ப்பார்கள். முதல் திரையில் என்ன தொழில், எவ்வளவு ஓடுகிறது, என்ன கேட்கிறீர்கள் என்ற மூன்றும் தெரியவேண்டும்.

இரண்டாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. காசு போடுகிற ஆள் தனியாக முடிவெடுப்பது குறைவு. கணக்காளருக்கோ, கூட்டாளிக்கோ, வீட்டுக்காரருக்கோ கடிதத்தை அனுப்பிக் கேட்பார். நீங்கள் பக்கத்தில் இல்லாத அந்த இடத்திலும் உங்கள் கடிதம் தன்பாட்டில் விளங்கவேண்டும்.

மூன்றாவது, எண்கள் பழசாகும்போது என்ன நடக்கும் என்பது. மாதா மாதம் மாறுகிற விற்பனைக் கணக்கை எந்த வடிவத்தில் போட்டால் திருத்துவது சுகம்? நாலாவது உங்கள் நேரம்.

## மின்னஞ்சலின் உள்ளேயே எல்லாம்

எங்கள் கணிப்பில், முன்பின் அறியாதவருக்கு எழுதும்போது பெரும்பாலும் இதுதான் சரி. இணைப்பு இல்லை, படம் இல்லை, எழுத்து மட்டும். முருங்கைக் கம்பனியின் கடிதம் இப்படி வரலாம்:

> பொருள்: முருங்கைத் தூள் ஏற்றுமதி, சாவகச்சேரி: இரண்டாவது உலர்த்திக்கு 60 இலட்சம்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். வடக்கில் உணவு பதனிடும் தொழில்களில் நீங்கள் முதலிடுவதாக உங்கள் இணையப் பக்கத்தில் பார்த்து எழுதுகிறேன். இது நன்கொடைக் கோரிக்கை அல்ல.
>
> நாங்கள் சாவகச்சேரியில் முருங்கை இலையை உலர்த்தித் தூளாக்கி, லண்டனிலும் டொரொன்டோவிலும் மூன்று மொத்த வியாபாரிகளுக்கு விற்கிறோம். 2023 இல் தனியார் கம்பனியாகப் பதிந்தோம்.
>
> கடந்த மூன்று மாதங்களில் மாதம் 300 கிலோ விற்றோம், கிலோ 2,600 ரூபா. அதே மாதங்களில் எழுத்தில் வந்த ஓடர் சராசரி 520 கிலோ. ஒரே உலர்த்தி என்பதால் மிச்சத்தை ஏற்க முடியவில்லை. கிலோவுக்கு நேரடிச் செலவு, கூலியும் சேர்த்து, 1,700 ரூபா.
>
> 60 இலட்சம் ரூபா பங்கு முதலீடு தேடுகிறோம். உலர்த்திக்கு 38, பொதியிடும் அறைக்கு 14, இலை வாங்கும் கைக்காசுக்கு 8 இலட்சம். உலர்த்தி பொருத்தி நான்கு மாதத்தில் மாதம் 520 கிலோவை எட்டுவது எங்கள் குறி.
>
> வருகிற செவ்வாய் அல்லது வியாழன், லண்டன் நேரம் காலை 9 மணிக்கு 20 நிமிடம் தொலைபேசியில் கதைக்க வசதிப்படுமா? ஆர்வமில்லையென்றால் ஒரு வரி எழுதினாலும் உதவி.

இதன் கீழே முழுப்பெயர், கம்பனியின் பதிவுப் பெயர், பதிவு இலக்கம், தொலைபேசி. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்க முடியும் என்பதால், கடிதத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். லேபிளில் ஒரு பெயர், கடிதத்தில் இன்னொன்று, பதிவில் மூன்றாவது என்றிருந்தால் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும்.

கடிதத்தின் பாரத்தைத் தூக்குவது 300 உம் 520 உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான். காசு எங்கே அடைபட்டிருக்கிறது, 38 இலட்சம் எதைத் திறந்துவிடும் என்பது அந்த இரண்டு எண்ணிலேயே விளங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக "300 வீத வளர்ச்சி" என்று எழுதினால், எதிலிருந்து எதற்கு என்ற கேள்விதான் வரும். மாதம் 10 கிலோ விற்றவர் 40 கிலோ விற்றாலும் 300 வீதந்தான்.

ஆனால் அந்த 520 உண்மையிலேயே ஓடராக இருக்கவேண்டும். வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் "இன்னும் இருந்தால் அனுப்புங்கோ" என்று போட்டது விசாரிப்பு. அளவும் விலையும் திகதியும் எழுதி வந்ததுதான் ஓடர். இரண்டையும் ஒன்றாய்க் கூட்டி எழுதிவிட்டு, முதல் அழைப்பிலேயே "அந்த ஓடர்களை அனுப்புங்கோ பாப்பம்" என்று கேட்கும்போது முழிக்கிற நிலை வரக்கூடாது. எழுத்தில் இருப்பது 410 கிலோ என்றால் 410 என்றே எழுதுங்கள். உலர்த்திக்கான காரணம் அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

அடுத்த ஓட்டை அந்த 1,700 ரூபாவில். அம்மாவும் தங்கச்சியும் பின்னேரத்தில் இருந்து பொதி கட்டினால் அந்தக் கூலி கணக்கில் ஏறுவதில்லை. உற்பத்தி 520 கிலோவானதும் வெளியாள் வைக்கவேண்டி வரும், கிலோவுக்கு 900 ரூபா மிச்சம் என்று சொன்னது சுருங்கிவிடும். கடிதத்தில் "கூலியும் சேர்த்து" என்ற இரண்டு சொல்லைப் போடுவதற்கு முன் வீட்டாருக்கும் நாட்கூலி போட்டு ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

பங்கு எத்தனை வீதம் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அது வேண்டுமென்றே விட்டது. 60 இலட்சத்துக்கு 10 வீதம் என்று எழுதினால், காசு போட்டபின் கம்பனியின் பெறுமதி 6 கோடி என்று நீங்களே சொன்ன மாதிரி. வருட விற்பனை 93 இலட்சத்து 60 ஆயிரம். விற்பனையின் ஆறு மடங்குக்கு மேல் பெறுமதி கேட்கிறார் என்பதை அவர் பத்து விநாடியில் கணக்குப் பார்த்து, கடிதத்தை மூடிவிடுவார். 20 வீதம் என்றால் பெறுமதி 3 கோடி, விற்பனையின் மூன்று மடங்களவு. உணவுத் தொழிலுக்கு அதுவும் கதைத்துத்தான் தீர்க்கவேண்டிய எண். ஆகவே வீதத்தை அழைப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் கணக்கை முதலே போட்டு வைத்திருக்கவேண்டும். தொகையையும் அது எதற்கு என்பதையும் மட்டும் மறைக்கக்கூடாது. "பொருத்தமான முதலீட்டை எதிர்பார்க்கிறோம்" என்று முடிகிற கடிதத்துக்கு எதைப் பதிலாக எழுதுவது?

கொழும்பு முதலீட்டாளருக்கு இதே கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது 60 இலட்சம் 6 மில்லியனாகும். அவசரத்தில் 60 மில்லியன் என்று தட்டிவிட்டால் பத்து மடங்கு கேட்டதாகிவிடும். அனுப்ப முதல் இன்னொருவரிடம் கொடுத்து எண்களை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு நேரம். ஒவ்வொரு கடிதத்துக்கும் முதல் வரி புதிதாக எழுதவேண்டும், ஏன் இவருக்கு என்பதற்குக் காரணம் தேடவேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு கடிதத்துக்கு மேல் ஒழுங்காக எழுத வராது. அதைத் தவிர்க்க ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு ஒன்றாக அனுப்புகிறவர்கள் உண்டு. முகவரிகள் தவறி CC பெட்டிக்குள் போய்விட்டால் நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அதோடு அந்தப் பட்டியல் முடிந்தது.

## பிட்ச் டெக் இணைத்து அனுப்புவது

உலர்த்தியும் பொதியும் லேபிளும் படத்தில் தெரியும். பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் சந்தை, போட்டியாளர், மூன்று வருடக் கணக்கு எல்லாம் வைக்கலாம். வேறொருவருக்கு அனுப்பிக் கேட்கவும் இதுதான் வசதி, ஒரு கோப்பில் முழுக்கதையும் இருக்கிறது.

கைபேசிதான் இதற்கு எதிரி. கணினிக்குச் செய்த பக்கம் சின்னத் திரையில் எறும்பெழுத்தாகிவிடும். விரித்து விரித்து வாசிக்கும் பொறுமை, அறிமுகமில்லாதவரின் கோப்புக்குக் கிடைக்காது. தெரியாத முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் திறக்கவே தயங்குகிறவர்களும் உண்டு.

நம்மவர்களுக்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய பவர்பொயிண்ட் கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். `jkpo;` என்று ஒரு தலைப்பு வந்து நின்றால் அது "தமிழ்" என்ற சொல்தான் என்று லண்டனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? யுனிகோடில் தட்டி, PDF ஆக்கி, வேறொருவரின் கைபேசியில் திறந்து பார்த்த பிறகே அனுப்பவேண்டும்.

கூகிள் டிரைவ் இணைப்பாக அனுப்புவது இன்னொரு வழி. கோப்பைப் பிறகு திருத்தினாலும் இணைப்பு மாறாது என்பது அதன் நன்மை. ஆனால் பகிரும் அமைப்பு இயல்பாக `Restricted` என்றுதான் இருக்கும். அதை `Anyone with the link` என்று மாற்றாவிட்டால், திறக்கிறவருக்கு அனுமதி கேட்கும் பக்கம் வரும். அவர் அனுமதி கேட்டு அமத்தி, நீங்கள் அதைக் காணும்வரை காத்திருக்கப்போவதில்லை. அனுப்ப முதல் உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, இணைப்பை ஒட்டிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்காமல் கோப்பு திறந்தால் சரி.

பெரிய மறைசெலவு பராமரிப்பு. வைகாசிக் கணக்கோடு செய்த டெக் ஆவணியிலும் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் புதிய மின்னஞ்சலில் 300 கிலோ, கையிலிருந்து கைக்குப் போன பழைய கோப்பில் 240 கிலோ என்றால், எது உண்மை என்று கேட்பார்கள். முதல் பக்கத்திலேயே திகதி போடுவது இதற்குப் பாதி மருந்து. இன்னொன்று, உங்களுக்கு இலை தருகிறவர்களின் பெயரும் வாங்குகிற கடைகளின் பெயரும் டெக்கில் இருந்தால், அவை யார் கைக்குப் போகும் என்பது இனி உங்கள் பொறுப்பில் இல்லை. முதலில் அனுப்பும் பதிப்பில் "லண்டன் மொத்த வியாபாரி அ" என்ற அளவோடு நிறுத்துவது புத்தி.

டெக் முந்தவேண்டிய இடங்களும் உண்டு. முதலீட்டு நிதியம் தன் இணையத்தளத்தில் படிவம் வைத்து டெக்கை ஏற்றச் சொல்லியிருந்தால் வேறு வழி இல்லை. பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்கிற தொழிலுக்கும் அப்படித்தான். மற்ற வேளைகளில் டெக்கைச் செய்து வைத்துக்கொண்டு, பதில் வந்த பிறகு அனுப்புவதே மேல்.

## வாட்ஸ்அப்பில் நேரே

யாழ்ப்பாணத்தாருக்கு இதுதான் கைக்கு வந்த வழி. புலம்பெயர்ந்த மூத்தவர்கள் மின்னஞ்சலைக் கிழமைக்கு ஒருக்கால் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பை மணிக்கு ஒருக்கால் பார்ப்பார்கள். பதில் வருவதானால் அன்றைக்கே வரும்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்னென்ன வருகிறது என்று யோசியுங்கள். கோயில் திருவிழா உபயம், பழைய மாணவர் சங்க மண்டபம், ஆஸ்பத்திரிச் செலவு, வீடு கட்ட உதவி. +94 இல் தொடங்கும் தெரியாத இலக்கம் என்றாலே காசு கேட்கிறார்கள் என்ற எண்ணம் முந்திவிடும். தெரியாத இலக்கத்திலிருந்து முதற் செய்தி வந்தால், அதைத் தடுக்கவும் முறையிடவும் வாட்ஸ்அப்பே அங்கே பொத்தான் காட்டுகிறது. ஆகவே ஆர் இலக்கம் தந்தார், இது வியாபாரம், நன்கொடை அல்ல என்பவை முதல் இரண்டு வரிக்குள் வந்துவிடவேண்டும். "வணக்கம் அண்ணை, சுகமா?" என்று மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். முன்பின் காணாதவரை அண்ணை என்பதே கொஞ்சம் உரிமை எடுத்ததாகத்தான் படும். அவர் தம்பி என்று கூப்பிட்ட பிறகு அண்ணை என்றால் பொருந்தும், அதுவரை ஐயா, அம்மா.

குரற்பதிவு வேண்டாம். மூன்று நிமிடப் பதிவில் 520 என்ற எண் எங்கே வருகிறது என்று திரும்பத் தேட முடியாது, கணக்காளருக்கு அனுப்பினாலும் அவர் கேட்கமாட்டார்.

இந்த வழியில் சட்டச் சிக்கல் ஒன்றும் மறைந்திருக்கிறது. 2007 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, தனியார் கம்பனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு வழங்க முன்வரக்கூடாது. ஊழியரைத் தவிர்த்துப் பங்குதாரர் 50 பேருக்கு மேற்படவும் கூடாது. ஒருவருக்கென்று எழுதிய செய்தியை, இருநூறு பேர் உள்ள ஊர்ச் சங்கக் குழுவில் "பங்கு எடுக்க விரும்புவோர் தொடர்புகொள்ளவும்" என்று போட்டால், அது வேறு கதையாகிவிடும். நல்ல எண்ணத்தோடு வேறொருவர் அதை அங்கே தள்ளிவிடவும் கூடும். அதனால் வாட்ஸ்அப் செய்தியில் பங்கைப் பற்றிய வரியே வேண்டாம். தொழில், இரண்டு எண், "விபரத்தை மின்னஞ்சலில் அனுப்பலாமா" என்ற கேள்வி, இவ்வளவு போதும்:

> வணக்கம் ஐயா. உங்கள் மருமகன் இந்த இலக்கத்தைத் தந்து எழுதச் சொன்னார். இது தொழில் விடயம், நன்கொடை இல்லை. சாவகச்சேரியில் முருங்கைத் தூள் செய்து லண்டனுக்கு அனுப்புகிறோம், மாதம் 300 கிலோ போகிறது, ஓடர் 520 கிலோ. இரண்டாவது உலர்த்திக்கு முதலீடு தேடுகிறோம். ஒரு பக்க விபரத்தை மின்னஞ்சலில் அனுப்பலாமா?

இதே பழக்கத்தில் வரும் இன்னொரு சிக்கல், காசு வரும் வழி. அவசரக்காரர் சிலர் "அக்கவுண்ட் நம்பரைத் தாரும், போட்டுவிடுறன்" என்பார்கள். வெளிநாட்டில் வசிப்பவர் இலங்கைக் கம்பனியில் பங்கு எடுப்பதானால், 2017 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், அவர் பெயரில் இங்குள்ள வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதனூடாகத்தான் பணம் வரவேண்டும். உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் விழுந்த காசு அந்த வழியில் வந்ததாகாது. பிறகு பங்கிலாபத்தையோ விற்ற காசையோ அவர் வெளியே கொண்டுபோக நினைக்கும்போது அது சிக்கும். கணக்கு இலக்கம் கேட்டால் சந்தோசத்தில் அனுப்பிவிடாமல், முதலில் வங்கியோடு கதைக்கச் சொல்லுங்கள். கண்டபடி காசு வாங்காத ஆள் என்பதும் அதில் தெரியும்.

வணிகப் பெயர் மட்டும் பதிந்த தனிநபர் வியாபாரம் என்றால், மூன்று வழியிலும் பங்கு என்ற சொல்லே வரக்கூடாது. கொடுப்பதற்கு அங்கே பங்கு இல்லை. கம்பனியாகப் பதிந்துவிட்டு எழுதுங்கள், அல்லது கடன் என்று நேராகக் கேளுங்கள்.

## லிங்க்ட்இன்

நிதியத்தில் வேலைசெய்பவரின் மின்னஞ்சல் கிடைக்காதபோது மட்டும். தொடர்புக் கோரிக்கையோடு எழுத மிகச் சில வரிக்குத்தான் இடம் இருக்கிறது, அதற்குள் கதை சொல்ல முயன்றால் கதையும் கெடும், கோரிக்கையும் கெடும். தொழில் ஒரு வரி, எண் ஒரு வரி, மின்னஞ்சல் முகவரி கேட்டு ஒரு வரி.

## ஆருக்கு எது

முகவரி பகிரங்கமாக இருக்கிறது, தொழில்முறையாகக் காசு போடுகிறவர், கொழும்பானாலும் லண்டனானாலும்: மின்னஞ்சல், இணைப்பில்லாமல். படிவம் வைத்திருக்கும் நிதியம்: டெக். இருவருக்கும் தெரிந்த ஒருவர், அவரிடம் கேட்டுவிட்டு இலக்கம் தந்திருக்கிறார்: வாட்ஸ்அப்பில் நாலு வரி, அதன்பின் மின்னஞ்சல். அவரைக் கேளாமல் இலக்கம் மட்டும் கைக்கு வந்திருந்தால் அதைப் பாவிக்காதீர்கள், இலக்கம் தந்தவரையே ஒரு சொல் முன்னால் சொல்லச் சொல்லுங்கள்.

அனுப்பும் நேரத்தையும் பாருங்கள். கோடையில் லண்டன் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. டொரொன்டோ காலை 8 மணி கோடையில் நமக்குப் பின்னேரம் 5.30. இங்கே காலை 8 மணிக்கு அனுப்பினால் லண்டனில் நடுச்சாமம், விடியும்போது உங்கள் கடிதத்துக்கு மேலே இருபது கடிதம் ஏறியிருக்கும்.

பதில் வராவிட்டால் எட்டுப் பத்து நாள் விட்டு, அதே மின்னஞ்சலின் கீழ் ஒருமுறை எழுதலாம். "எனது முந்திய மின்னஞ்சலைப் பார்த்தீர்களா" என்று கேட்காமல், இடையில் மாறிய எண் ஒன்றைச் சொல்லுங்கள்: "ஐயா, சென்ற கிழமை டொரொன்டோவிலிருந்து மாதம் 80 கிலோவுக்கு எழுத்தில் இன்னோர் ஓடர் வந்தது, மொத்தம் இப்போது 600." புதிய எண் இல்லாவிட்டால் இரண்டாவது கடிதத்தை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். மூன்றாவது கடிதம் எழுதவேண்டாம். அந்த நேரத்துக்குப் பட்டியலில் உள்ள அடுத்த பெயருக்கு முதல் வரியைத் தேடலாம்.